விமானத் திரையில் மைனஸ் 50: அந்த எண்ணைப் படிக்கவும் சரிபார்க்கவும் ஒரு வழிகாட்டி

சென்னையில் 30 டிகிரி புழுக்கத்தில் விமானம் ஏறுகிறீர்கள். அரை மணி நேரம் ஆவதற்குள் முன் இருக்கையின் திரை, வெளியே மைனஸ் 48 என்று காட்டுகிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். காற்று மெலிந்திருப்பதால் என்கிறார் ஒருவர். விமானத்தின் வேகத்தில் காற்று வீசியடிப்பதால் என்கிறார் இன்னொருவர். இரவு நேரம் என்பதால் என்கிறார் மூன்றாமவர். மூன்றும் தவறு. சரியான விளக்கம் துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கிறது. அதைச் சேர்த்துத் திரையில் தெரியும் எண்ணோடு பொருத்திப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது. நீங்கள் ஒரே பயணத்தில் அதைச் செய்துவிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ நான்கு மணி நேரம். வழி முழுவதும் வெப்பமண்டலத்துக்குள்ளேயே இருப்பதால் குழப்பம் குறைவு. இரு முனைகளிலும் வானிலை பலூன் அளவீடுகள் கிடைக்கின்றன.

1. புறப்படும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

முக்கியமான ஆவணம் ஒன்றே ஒன்று: மீனம்பாக்கத்தில் பறக்கவிடப்படும் வானிலை பலூனின் அளவீட்டு அட்டவணை. பலூன் சுமந்து செல்லும் சிறு கருவி, மேலே போகப் போகக் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து கீழே வானொலி வழியாக அனுப்புகிறது. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் உலகம் முழுவதிலுமிருந்து வரும் இந்த அளவீடுகளைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. சென்னையின் நிலைய எண் `43279`, சிங்கப்பூரின் எண் `48698`. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை.

நேரத்தைக் கவனியுங்கள். உலகெங்கும் பலூன்கள் `00Z`, `12Z` என்ற இரு நேரங்களை ஒட்டிப் பறக்கவிடப்படுகின்றன. நம் நேரப்படி அவை காலை 5.30, மாலை 5.30. பலூன் மேலே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அட்டவணை வெளிவர இன்னும் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே இரவு விமானம் என்றால் மாலை அட்டவணையையும், பகல் விமானம் என்றால் காலை அட்டவணையையும் எடுங்கள். சில நாட்களில் அட்டவணை வெளியாகாது, அல்லது பலூன் பாதியில் வெடித்து உயரமான பகுதி விடுபட்டிருக்கும். முந்தைய அட்டவணையே போதும். பயண உயரத்தில் வெப்பநிலை ஒரு நாளில் பெரிதாக மாறிவிடாது.

அட்டவணையைத் திறந்தால் பல பத்திகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை `PRES` என்ற அழுத்தப் பத்தியும் `TEMP` என்ற வெப்பநிலைப் பத்தியும்தான். 250, 200 ஆகிய இரண்டு அழுத்தங்களுக்கு நேரே உள்ள வெப்பநிலைகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இணையத்துக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

`HGHT` என்ற உயரப் பத்தியை ஏன் விட்டுவிடச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் சிக்கும் முதல் இடம் அதுதான். விமானம் சொல்லும் 37,000 அடி என்பது அளவுகோலால் அளந்த உயரம் அல்ல. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை ஒரு பொதுவான அட்டவணைப்படி அடியாக மாற்றிச் சொல்வது. வெப்பமண்டலத்தில் காற்று அந்த அட்டவணை கருதுவதைவிட வெதுவெதுப்பாக விரிந்திருப்பதால், விமானம் உண்மையில் ஓரிரு ஆயிரம் அடி கூடுதல் உயரத்தில் இருக்கும். உயரத்தை உயரத்தோடு ஒப்பிட்டால் சில டிகிரி பிசகும். அழுத்தத்தை அழுத்தத்தோடு ஒப்பிட்டால் பிசகாது. 35,000 அடிக்கு 238, 37,000 அடிக்கு 217, 39,000 அடிக்கு 197 ஹெக்டோபாஸ்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானம் பொதுவாக இப்படி ஒற்றைப்படை ஆயிரங்களில்தான் பறக்கும். திரும்பி வரும்போது 36,000, 38,000 என்று இரட்டைப்படையாக இருக்கும்.

2. திரையில் சரியான எண்ணைப் பிடியுங்கள்

இருக்கைத் திரையில் பயண வரைபடத்தைத் திறந்தால், சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும் பக்கங்களில் ஒன்றில் `Outside Air Temperature` என்ற வரி வரும். அதன் அருகிலேயே `Altitude`, `Ground Speed` ஆகியவை இருக்கும். சேருமிடத்தின் வெப்பநிலையைக் காட்டும் பக்கமும் சில விமானங்களில் உண்டு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அலகு மாறி மாறி வரும். ஒரு முறை மைனஸ் 54, அடுத்த முறை மைனஸ் 48 என்று காட்டினால் வானிலை மாறிவிட்டது என்று பொருள் இல்லை, முதலாவது ஃபாரன்ஹீட். மைனஸ் 40-ல் மட்டும் இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கும். அதை ஒட்டிய எண்களில் அலகைப் பார்க்காமல் எழுதினால் தவறு கண்ணுக்கே தெரியாது. ஆகவே எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

விமானம் தரையில் நிற்கும்போது திரை காட்டும் வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஓடுதளத்தின் சூடும், உணர்கருவியின் மேல் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்து எண்ணைக் கூட்டிவிடும்.

3. ஏறும் இருபத்தைந்து நிமிடங்களைத் தவறவிடாதீர்கள்

பெரும்பாலோர் பயண உயரத்தை அடைந்த பிறகுதான் திரையைப் பார்க்கிறார்கள். காரணம் தெரிவதோ ஏறும்போதுதான். புறப்பட்டு 20 முதல் 25 நிமிடங்களில் விமானம் மேலே போய்விடும். அதற்குள் உயரத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துச் சில முறை எழுதிக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்து மாலை ஒன்றில் சென்னைக்கு மேலே எதிர்பார்க்கக்கூடிய எண்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
தரை            +30 °C
10,000 அடி     +11 °C
20,000 அடி      -8 °C
30,000 அடி     -30 °C
37,000 அடி     -48 °C
```

இதில் வீழ்ச்சியின் வேகத்தைப் பாருங்கள். முதல் 20,000 அடியில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது. கடைசி 7,000 அடியிலோ ஆயிரத்துக்கு இரண்டரை டிகிரி. மேலே போகப் போக வெப்பநிலை விரைந்து விழுகிறது. ஏன் மைனஸ் 50 என்ற கேள்விக்கான பதில் இந்த வேக மாற்றத்தில்தான் இருக்கிறது.

சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் ஊடுருவி வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. காற்றுக்குச் சூடு கீழிருந்துதான் கிடைக்கிறது. ஆகவே சூரியனுக்கு அருகில் போனால் வெப்பம் கூடாதா என்ற கேள்வி எடுபடாது. 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் 11 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

கீழே சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு, 37,000 அடியில் கடல்மட்ட அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அழுத்தம் குறையக் குறைய எழும் காற்று விரிகிறது. விரிவதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலை அது தன் சொந்த வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது காற்று அமுக்கப்படுவதால். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. காற்று மெலிந்திருப்பதே குளிருக்குக் காரணம் என்று சொல்வது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். குளிரை உண்டாக்குவது மெலிந்த நிலை அல்ல, மெலிந்துகொண்டே மேலே செல்லும் செயல்.

ஈரமில்லாத காற்று இப்படி எழும்பினால் ஆயிரம் அடிக்கு மூன்று டிகிரி குளிரும். அந்தக் கணக்குப்படி 30 டிகிரியில் தொடங்கி 37,000 அடியில் மைனஸ் 80-ஐத் தொட்டிருக்க வேண்டும். திரையோ மைனஸ் 48 என்கிறது. இடையில் உள்ள முப்பது டிகிரியைக் கொடுத்தது நீராவி. வங்கக் கடலின் மேலுள்ள ஈரக் காற்று எழும்பிக் குளிரும்போது நீராவி துளிகளாக மாறி மேகமாகிறது. ஆவியானபோது கடலிலிருந்து எடுத்துக்கொண்ட வெப்பத்தை அப்போது அது காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குளிர்ச்சியின் வேகம் தணிகிறது. கீழே நீராவி நிறைய இருப்பதால் ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரிக்குள் நிற்கிறது. 30,000 அடிக்கு மேல் நீராவி ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது, கைகொடுக்க எதுவும் இல்லை, வீழ்ச்சி ஈரமில்லாக் காற்றின் மூன்று டிகிரியை நோக்கி நெருங்குகிறது. உங்கள் குறிப்பில் உள்ள இரண்டு, இரண்டரை என்ற எண்களின் பொருள் இதுதான்.

உங்கள் விமானம் எந்த மேகத்துக்குள்ளும் ஏறாமல் தெளிந்த வானில் ஏறினாலும் எண்கள் பெரிதாக மாறாது. வெப்பமண்டலத்தில் எங்கோ எழும் இடிமேகங்கள் நிர்ணயிக்கும் வெப்பநிலை, பக்கவாட்டில் பல நூறு கிலோமீட்டருக்குப் பரவிச் சமமாகிவிடுகிறது. இரவிலும் இதே கதைதான். இரவில் குளிர்வது நிலமும் அதை ஒட்டிய மெல்லிய காற்று அடுக்கும் மட்டுமே. பகல் விமானத்தில் மைனஸ் 48 என்றால் இரவு விமானத்திலும் அதையொட்டியே இருக்கும்.

4. பயண உயரத்தில் கணக்கைச் சரிபாருங்கள்

விமானம் சமநிலைக்கு வந்ததும் அடுத்த எண் புதுப்பிக்கப்படும் வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு படமெடுத்து வைத்த அட்டவணையைத் திறவுங்கள்.

250 ஹெக்டோபாஸ்கலுக்கு நேரே மைனஸ் 40, 200-க்கு நேரே மைனஸ் 52 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்துக்கு இவை வழக்கமான எண்கள். உங்கள் உயரம் 37,000 அடி, அதாவது 217 ஹெக்டோபாஸ்கல். 250-லிருந்து 200 வரையிலான 50-ல் நீங்கள் 33 தாண்டியிருக்கிறீர்கள், மூன்றில் இரண்டு பங்கு. மைனஸ் 40-க்கும் மைனஸ் 52-க்கும் இடையிலுள்ள 12 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு 8. எனவே எதிர்பார்க்க வேண்டியது மைனஸ் 48. திரை இதிலிருந்து இரண்டு மூன்று டிகிரி தள்ளிக் காட்டினால் அது இயல்பு, பலூனும் நீங்களும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இல்லை.

அட்டவணை கிடைக்கவில்லை என்றால், விமானிகள் கையாளும் பொது அளவுகோல் இருக்கிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி கழிவு, 36,000 அடியில் மைனஸ் 56.5, அதற்கு மேல் மாறாது. இது உலகச் சராசரிக்கு நெருக்கமான ஓர் ஒப்பந்த அளவு, எந்த ஊரின் உண்மை வெப்பநிலையும் அல்ல. வங்கக் கடலின் மேல் 37,000 அடியில் காற்று இதைவிட 8 முதல் 10 டிகிரி வரை கூடுதலாக இருப்பது வழக்கம். ஆகவே மைனஸ் 56.5-உடன் எட்டோ ஒன்பதோ கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

இதைச் செய்யும்போது தரை வெப்பநிலையிலிருந்து கழிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் சென்னை 41 டிகிரி காயும்போது 37,000 அடிக்கு 74 டிகிரி கழித்தால் மைனஸ் 33 வரும். திரை அப்படி ஒருபோதும் காட்டாது. மார்கழியில் தரை 24 டிகிரிக்கு இறங்கினாலும் பயண உயரத்தின் வெப்பநிலை சில டிகிரிக்கு மேல் அசையாது. நிலத்தை ஒட்டிய வெயில் சூடு அவ்வளவு உயரத்துக்கு அப்படியே ஏறிச் செல்வதில்லை.

5. அந்த எண் அளக்கப்பட்டதல்ல, கணக்கிடப்பட்டது

வேகமாகப் பறப்பதால் குளிர் கூடுகிறது என்ற விளக்கத்துக்கு இங்கேதான் முடிவு. நம் உடலுக்குக் காற்று வீசினால் குளிர்வது, உடல் காற்றைவிடச் சூடாக இருப்பதாலும் வியர்வை ஆவியாவதாலும். வெப்பமானிக்கு அந்த விதி பொருந்தாது. மணிக்கு 860 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, விமானத்தின் மூக்கருகே உள்ள சிறிய உணர்கருவிக்குள் மோதி நிற்கும்போது அமுங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டைத்தான் கருவி அளக்கிறது. விமானக் கணினி வேகத்தைக் கொண்டு கூடுதல் சூட்டைக் கழித்து, அசையாத காற்றின் வெப்பநிலையை உங்கள் திரைக்கு அனுப்புகிறது. கணக்கு இது:

```
TAT = SAT × (1 + 0.2 × M²)
```

`TAT` கருவி உணர்வது, `SAT` திரை காட்டுவது, `M` ஒலிவேகத்தில் விமானத்தின் பங்கு. வெப்பநிலைகளைக் கெல்வினில் இட வேண்டும், செல்சியஸில் இட்டால் விடை முற்றிலும் தவறாகிவிடும். மைனஸ் 48 என்பது 225 கெல்வின். `M` 0.80 என்றால் அடைப்புக்குள் 1.128 வரும். பெருக்கினால் 253.8 கெல்வின், அதாவது மைனஸ் 19 டிகிரி. வெளியே மைனஸ் 48, கருவி உணர்வதோ மைனஸ் 19.

`M` என்ன என்பதைத் திரையின் `Ground Speed` எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். அது நிலத்தைப் பொறுத்த வேகம், பின்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் தள்ளினால் அதுவும் அதில் சேர்ந்துவிடும். உங்கள் விமானம் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை என்றால் 0.78, பெரிய 777, 787 வகை என்றால் 0.84 அல்லது 0.85 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டின் பயனை எரிபொருளில் பார்க்கலாம். நம் நாட்டில் நிரப்பப்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலைக்கு வரம்பு மைனஸ் 47 டிகிரி. திரை மைனஸ் 48 என்று காட்டும்போது இறக்கைத் தொட்டியில் அது உறைந்துவிடாதா என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. இறக்கையின் மேற்பரப்பும் காற்று உரசிச் சூடாவதால், எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்ந்து நெருங்குவது மைனஸ் 48-ஐ அல்ல, மைனஸ் 20-ஐ ஒட்டிய வெப்பநிலையை. நான்கு மணி நேரப் பயணத்தில் அதையும் முழுதாக எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவோம். வட துருவத்தை ஒட்டிய நெடும்பயணங்களில்தான் விமானிகள் தொட்டியின் வெப்பநிலையைக் கண்கொத்தியாகப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் வெப்பமான உயரத்துக்கு மாறுகிறார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுகிறார்கள். வேகம் கூடினால் `TAT` கூடும் என்பது மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது.

6. எண் ஒத்துவராவிட்டால்

முதலில் அலகையும் உயரத்தையும் மீண்டும் பாருங்கள். சிங்கப்பூர் வழியில் பயணத்தின் நடுவே விமானம் 37,000-லிருந்து 39,000 அடிக்கு ஏறினால் ஐந்து டிகிரி இறங்கி மைனஸ் 53-ஐ ஒட்டி நிற்கும். இது ஏறும் கட்டத்தின் அதே சரிவு, இன்னும் தொடர்கிறது. வெப்பமண்டலத்தில் இந்தச் சரிவு 16, 17 கிலோமீட்டர் வரை, மைனஸ் 80 வரை போகும். பயணிகள் விமானம் எதுவும் அந்த உயரத்தைத் தொடுவதில்லை.

இதே முறையைச் சென்னையிலிருந்து லண்டன் செல்லும் விமானத்தில் பயன்படுத்தினால் பாதி வழியில் கணக்கு உடையும். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் மேல் விமானம் 34,000 அடியிலிருந்து 38,000-க்கு ஏறும், வெப்பநிலையோ மைனஸ் 56-லேயே நிற்கும், சில நேரம் ஓரிரு டிகிரி கூடவும் செய்யும். கருவி பழுதாகவில்லை. அங்கே சரிவு 10 கிலோமீட்டர் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஓசோன் புற ஊதாக் கதிர்களை வாங்கிக் காற்றை நேரடியாகச் சூடாக்குகிறது, ஆகவே கீழிருந்து வரும் சூடு அங்கே ஆட்சி செய்வதில்லை. விமானம் அந்த எல்லையைத் தாண்டி ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் நுழைந்துவிட்டது என்பதை, ஏறியும் குளிராத அந்த எண்ணைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். இத்தகைய பயணத்துக்குச் சென்னை அட்டவணை போதாது. வழியில் உள்ள ஊர்களின் அட்டவணைகளையும் எடுத்துவைக்க வேண்டும், அவற்றில் வெப்பநிலை விழுவது எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அலகு சரி, உயரம் சரி, அட்டவணையும் அன்றையதே, ஆனாலும் பத்து டிகிரிக்கு மேல் இடிக்கிறது என்றால் திரை உறைந்துபோயிருக்கலாம். `Ground Speed` சற்று நேரமாக ஓர் எண்கூட மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பறக்கும் விமானத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் அப்படியே நிற்பது அரிது. நின்றால் வரைபடத்தை மூடித் திறந்து, புதிதாக வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.